கணிப்பு சரி, கணக்குதான் தப்பு

பங்குச் சந்தை ட்ரேடிங்கில் முதல் வருஷத்தில் பணம் விடுபவர்களிடம் கேட்டால் ‘சார்ட் சரியாகப் படிக்க வரல’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 50,000 ரூபாயோடு, நிஃப்டி குறியீடு ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும், வாரத்தில் முடிந்துவிடும் நிஃப்டி வீக்லி ஆப்ஷன் வாங்கும் ஒரு தம்பியும், பல வருஷம் சந்தையில் இருக்கும் ஒரு அண்ணனும் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“பாதி ட்ரேடு லாபம், பாதி நஷ்டம்ணே. ரெண்டுமே எட்டு பாயின்ட்தான். அப்புறம் ஏன் அக்கவுன்ட் கரையுது?”

“ஒரு நாளைக்கு எத்தனை ட்ரேடு?”

“நாலு.”

“கான்ட்ராக்ட் நோட்டை எடு. ஆப்ஷனோட விலை, அதாவது பிரீமியம், 100 ரூபா. ஒரு லாட்னா 65 ஆப்ஷன், அதுக்குக் குறைச்சு வாங்க முடியாது. வாங்க 20, விற்க 20 புரோக்கரேஜ். அதுக்கு மேல ஜிஎஸ்டி, எஸ்டிடிங்கிற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம். ஒரு ட்ரேடுக்கு சுமார் 60 ரூபா போகுது. மாசம் 80 ட்ரேடுன்னா 4,800. வருஷத்துக்கு?”

“57,600... என் முதலே 50,000தானேண்ணே!”

சமமாக ஜெயித்துத் தோற்றாலே பத்து பதினொரு மாதத்தில் முதல் காலி. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர், ஆப்ஷன் ட்ரேடு செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது. அத்தனை பேருக்கும் சார்ட் படிக்கவா தெரியாது?

“சரிண்ணே, ட்ரேடைக் குறைக்கிறேன். ஆனா இவ்வளவு இறங்கினா வித்துடுன்னு வச்ச ஸ்டாப் லாஸ் அடிச்சுட்டு உடனே நான் சொன்ன பக்கமே போகுதே, அது ஏன்?”

“ஒரு ட்ரேடுல உன் 50,000ல 1 சதவீதம்தான் போகலாம்னா உனக்கு 500 ரூபா. 65ஆல வகுத்தா ஏழரை பாயின்ட். நிஃப்டி 15 புள்ளி அசைஞ்சாலே அந்த ஆப்ஷன் அவ்வளவு இறங்கிடும். அது ரெண்டு நிமிஷத்து ஆட்டம். ஸ்டாப்பை 30 பாயின்ட் தள்ளி வச்சா, ஒரே அடியில 1,950 போகும். உன் கணிப்பு வேற, உன் முதலுக்கு இந்த லாட் தாங்குமாங்கிறது வேற.”

(25 ஆக இருந்த இந்த லாட்டை 2024 நவம்பரில் 75 ஆக்கினார்கள். இப்போது 65. சின்ன முதலுக்கு வழி அடைபட்டது அப்போதே. யாரும் கவனிக்கவில்லை.)

ஸ்டாப் மூன்று தடவை அடித்ததும் தம்பிமார்கள் அதையே தூக்கிவிடுவார்கள். அடுத்து, 100க்கு வாங்கியது 60க்கு வந்தால் இன்னொரு லாட் போட்டு ஆவரேஜ் செய்வார்கள். ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நெருங்க நெருங்க, பிரீமியத்தில் மிச்ச நாட்களுக்காகக் கொடுத்த பங்கான டைம் வேல்யூ தேய்ந்துகொண்டே இருக்கும். நிஃப்டி திரும்பி வந்தாலும் பிரீமியம் திரும்பாது. பெரிய ஓட்டை இதுதான்.

“அப்போ நான் என்னண்ணே செய்யறது?”

“ஆப்ஷனை விட்டுட்டு கேஷ்ல டெலிவரி எடு, அதாவது முழுப் பணம் கொடுத்து பங்கையே வாங்கி வை. 400 ரூபா பங்கு, ஸ்டாப் 385. வித்தியாசம் 15. 500ஐ 15ஆல வகுத்தா 33 பங்கு, 13,200 ரூபா. ராத்திரி செய்தி வந்து காலையில 375ல திறந்தா 825 போகும், அதையும் கணக்குல வை.”

“33 பங்கா? அதுல என்னண்ணே கிடைச்சுடப்போகுது?”

இந்தக் கேள்வியோடுதான் முக்கால்வாசிப் பேர் அடுத்த செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரிக்குத் திரும்பப் போய் உட்காருகிறார்கள்.