இரண்டாவது கேபிள் எந்த வழியாக வரும்?
"இரும்பாலைக்குத்தான் இடம் முக்கியம், சாஃப்ட்வேர் பார்க்கை ஊட்டியில்கூட வைக்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். முதல் பாதி சரி. ஊதுலை வழியில் 1 டன் எஃகுக்குச் சுமார் 1.6 டன் இரும்புத் தாதும் முக்கால் டன் நிலக்கரியும் வேண்டும். பாதிக்கு மேல் எடை கழிந்துபோகும் என்பதால் ஆலையைச் சுரங்கத்தை ஒட்டி வைப்பது லாபம். ஜாம்ஷெட்பூர் அப்படி அமைந்ததுதான். மென்பொருளுக்கு எடை இல்லை, ஆனால் அறுந்துபோகும் கேபிள் இருக்கிறது. நான் குன்னூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் ஓரத்தில் புதைத்த ஃபைபரும் சேர்ந்து போய்விடும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஜேசிபி மண்ணை அள்ளி முடித்த பிறகுதான் கேபிளை ஒட்ட ஆள் வருவார். எனக்கு அது ஒரு நாள் தொல்லை, ஆயிரம் பேர் உட்காரும் பார்க்குக்கு வாடிக்கையாளரே கைவிட்டுப் போவார். அதனால்தான் பெரிய கம்பெனிகள் வெவ்வேறு பாதையில் வரும் இரண்டு இணைப்பு கேட்கின்றன. கோத்தகிரி வழியாக இரண்டாவதை இழுத்தாலும் அதுவும் மேட்டுப்பாளையத்தில்தான் இறங்குகிறது, அதே மழைதான் அங்கேயும். இன்னொருவர் ஊட்டிக் குளிரால் ஏசி செலவு மிச்சம் என்கிறார். உண்மைதான், ஆனால் இந்தத் தொழிலில் பெரிய செலவு சம்பளம். கோயம்புத்தூரில் வீடு மாறாமலே அடுத்த கம்பெனிக்கு மாறலாம்; இங்கே அந்த வேலை போனால் மலையிறங்க வேண்டும், அதனால் அனுபவமுள்ளவர்கள் குடும்பத்தோடு வரத் தயங்குவார்கள்.