கேப்பில் போகலாம், பிளாட்பாரத்தில் ஏறக் கூடாது

நெரிசலில் பைக் ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டே கட்சிதான். கார்க்காரர்கள் "பூந்து பூந்து வர்றானுங்க" என்று திட்டுவார்கள். பைக்காரர்கள் "வேற எப்படிப் போறது, வழி எங்க இருக்கு" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தச் சண்டையில், நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே மெதுவாகப் போகிறவரும், நண்பரோடு இணையாக ஓட்டிக்கொண்டு வழியை அடைக்கிறவரும், நடைபாதையில் ஏறி ஹாரன் அடிக்கிறவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ஒன்றைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் மூன்றையும் பொறுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். முதலாவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மூன்றாவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன்.

நான் தினமும் சென்னை ஆற்காடு சாலையில் வடபழனியிலிருந்து போரூர் பக்கம் ஸ்கூட்டரில் போய் வருகிறவன். மெட்ரோ வேலைக்காகச் சாலையின் நடுப்பகுதியைத் தகரத் தடுப்புகள் எடுத்துக்கொண்ட காலம் முழுக்க அங்கே ஓட்டியிருக்கிறேன். எல்லா பைக்குகளும் கார்களைப் போல வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் அந்த வரிசை எவ்வளவு நீளும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சிக்னல் பச்சையில் தாண்ட வேண்டிய வண்டிகள் மூன்று சிக்னல் காத்திருக்க வேண்டிவரும். பைக்குகள் இடுக்கில் முன்னேறி சிக்னல் முன்னால் சேர்ந்து நின்றால், பச்சை விழுந்ததும் சில நொடிகளில் மொத்தமாகக் கிளம்பிவிடுகின்றன. பின்னால் நிற்கும் காருக்கும் இதனால் நேரம் மிச்சம். தைவானில் இதற்காகவே சிக்னல் முன்னால் பைக்குகள் நிற்கத் தனிக் கட்டம் வரைந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் கட்டம் கிடையாது. அதனால் பைக்குகள் ஸ்டாப் லைனைத் தாண்டி ஜீப்ரா கிராசிங் மேல் நிற்கின்றன, நடப்பவர் பம்பருக்கும் சக்கரத்துக்கும் நடுவே நெளிந்து போகிறார்.

ஆனால் எந்த இடுக்கில் போகலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பூந்தால் அடிபடுவோம். ஒரு லேன் 3.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரக் கார் சுமார் 1.7 மீட்டர். பக்கத்துப் பக்கத்து லேனில் இரண்டு கார்கள் நடுவாக நின்றால் இடையில் 1.8 மீட்டர் இருக்கும். பக்கக் கண்ணாடிகள் எடுத்துக்கொள்வது போக 1.4 மீட்டர்தான் மிச்சம். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் சுமார் 70 செ.மீ., கண்ணாடியும் முட்டியும் சேர்த்தால் 80 வைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் ஆளுக்கு ஒரு சாண், அதற்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். இது போதும். ஒரு பக்கம் பஸ் என்றால், பஸ்ஸே 2.5 மீட்டருக்கு மேல். அப்போது மிச்சம் ஒரு மீட்டர்தான், பக்கத்துக்கு நாலு விரல் இடம். இரண்டு பக்கமும் பஸ் என்றால் அங்கே இடுக்கே கிடையாது. இருப்பதாகத் தெரிவது பின்சக்கரம் வரைக்கும்தான், முன்னால் போனால் கண்ணாடி இருக்கும். தடுப்பு வைத்து லேனை 3 மீட்டராகச் சுருக்கிய இடத்தில் எல்லா இடைவெளியிலும் அரை மீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவிலேயே அங்கே சிரமம்தான்.

வேகம் இன்னொரு விஷயம். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது ஒரு கார்க் கதவு திறந்தால், நாம் அதைப் பார்த்து பிரேக் பிடித்து நிற்க ஆறு மீட்டர் ஆகும். அதாவது ஒன்றரைக் கார் நீளம். 30இல் போனால் அதே வேலைக்குப் பதினைந்து மீட்டர் வேண்டும். நாலு கார் நீளத்துக்கு முன்னாலேயே அந்தக் கதவு திறக்கப்போவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது நடக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014இல் இடுக்கில் போவதைச் சட்டப்படி அனுமதித்தபோது 30 கிலோமீட்டரை உச்ச வரம்பாக வைத்தது. நடைபாதை ஓரமாகவும் பள்ளிப் பகுதிகளிலும் கூடாது என்றது. கலிபோர்னியா 2016இல் சட்டம் இயற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு, சுற்றியுள்ள வண்டிகளைவிட அதிகபட்சம் 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகும்வரை ஆபத்து பெரிதாகக் கூடவில்லை என்று சொல்லியிருந்தது. அங்கே லேன் ஒழுங்கு உண்டு. நம் சாலைக்கு நான் 15 என்றுதான் சொல்வேன். நிற்கும் வண்டிகளுக்கு நடுவே மட்டும். வண்டிகள் நகர ஆரம்பித்தால் நாமும் வரிசையில் சேர்ந்துவிட வேண்டும்.

சென்னையில் இடுக்கிலேயே மோசமான இடுக்கு எது தெரியுமா? பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே இருப்பது. நெரிசலில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி வராமல் இரண்டாவது லேனிலேயே நின்றுவிடும். இடது பக்கம் நல்ல அகலமாக வழி திறந்திருக்கும், பைக்காரருக்கு அது சொர்க்கவாசல் மாதிரி தெரியும். ஆனால் அந்த வழி பயணிகள் இறங்குகிற வழி. இறங்குகிறவர் கையில் பையோ குழந்தையோ இருக்கும், முதுகைத் திருப்பிக்கொண்டு படியிறங்குவார், பின்னால் பைக் வரும் என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை. ஓட்டுநருக்கும் அந்தப் பக்கம் பாதி தெரியாது. பஸ் இடது பக்கம் திரும்பினாலோ முன்சக்கரம் போகும் தடத்துக்கு உள்ளே பின்சக்கரம் வெட்டி வரும். படிக்கட்டில் ஆள் வந்து நிற்கிறாரா, கண்டக்டர் ஒற்றை விசில் அடித்தாரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும், இறங்கப்போகிறார்கள். நின்றுவிடுங்கள். பஸ்ஸின் இடது பக்கம் போவதற்கு எந்த நியாயமும் கிடையாது, எனக்குத் தெரிந்து எந்த நாட்டு விதியும் அதை ஊக்குவிப்பதில்லை.

சரி, இணையாக ஓட்டுவது. கல்லூரிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே போவது ஒரு வகை. ஒரே இடுக்கில் இரண்டு பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நுழைவது இன்னொரு வகை. மேலே சொன்ன 1.4 மீட்டரில் 80 செ.மீ. வண்டிகள் இரண்டு நுழையாது என்பது வெறும் கூட்டல் கணக்கு. கார்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றதால் நுழைந்தாலும், யாருக்கும் விலக இடமில்லை. ஒருவர் பள்ளத்தைத் தவிர்க்க இரண்டு விரற்கடை நகர்ந்தால் ஹேண்டில்பார்கள் கோத்துக்கொள்ளும். கோத்துக்கொண்டால் விழுவது நிச்சயம், பக்கத்தில் இருப்பது லாரிச் சக்கரமாகவும் இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்போது ஒற்றையாகப் போகிறவர் ஒதுங்கிவிடுவார், ஜோடியாகப் போகிறவர்கள் யார் முன்னால் போவது, யார் பின்னால் என்று முடிவு செய்வதற்குள் வழி அடைந்திருக்கும். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

நடைபாதைக்கு வருகிறேன். இடுக்கில் போகிறவர் எடுக்கும் ஆபத்தில் பெரும்பங்கு அவருடையது. நடைபாதையில் ஏறுகிறவர் அந்த ஆபத்தைத் தூக்கி நடப்பவர் மேல் வைக்கிறார். ஹெல்மெட் போட்டிருப்பவர் அவர், செருப்பு மட்டும் போட்டிருப்பவர் இவர். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். சாலையில் வண்டி, பிளாட்பாரத்திலும் வண்டி என்றால் அந்த மனிதர் எங்கேதான் போவது?

என் பெரியம்மாவுக்கு 74 வயது, ஒரு காது மந்தம். மாலையில் கோயிலுக்குப் பிளாட்பாரத்தில் நடந்துதான் போவார். ஒருநாள் பின்னாலிருந்து வந்த மின்சார ஸ்கூட்டரின் ஹேண்டிலில் அவர் கூடை மாட்டிச் சுற்றிவிட்டது. நல்ல காது உள்ளவருக்கே அந்த வண்டியின் சத்தம் கேட்காது. அவர் விழவில்லை, மதிலைப் பிடித்துக்கொண்டார். ஓட்டியவர் "பாத்துப் போங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் அவர் நடப்பது மதிலை உரசிக்கொண்டுதான், ஒவ்வொரு பத்தடிக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டு. நடைபாதையில் ஏறுவதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லையே என்று வாதாடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உணவு, மளிகை கொண்டுவருகிற தம்பிகளுக்கு நிமிடக் கணக்கில் நெருக்கடி என்பது உண்மை. அந்த நெருக்கடியை எதிர்த்து அவர்களோடு நானும் நிற்பேன். ஆனால் அதன் விலையை என் பெரியம்மா ஏன் கட்ட வேண்டும்?

சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளே, சீருடையில் இருக்கும் காவலர் அனுமதித்தால் தவிர நடைபாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்றன. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

இங்கேதான் சிக்கல். பைக் ஏறாமல் இருக்கக் கம்பம் நடுங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் தீர்வு. சக்கர நாற்காலி போக வேண்டுமானால் கம்பங்களுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ. விட வேண்டும். ஸ்கூட்டருக்கு 80 போதும். நாற்காலி போகும் எந்த இடைவெளியிலும் ஸ்கூட்டரும் போய்விடும். இடைவெளியைக் குறுக்கினால் நாற்காலிக்காரர் சாலைக்கு இறங்க வேண்டியதுதான். ஆகவே கம்பம் வேகத்தைக் குறைக்கும், கூட்டத்தைக் குறைக்கும், முழுசாக நிறுத்தாது. மிச்சத்தைக் காவலரும் கேமராவும்தான் செய்ய வேண்டும்.

பைக்குகள் எங்கே ஏறுகின்றன என்று கவனித்தால் வேலை சுலபமாகும். 15 செ.மீ. உயரமுள்ள கல் விளிம்பில் யாரும் ஸ்கூட்டரை ஏற்றுவதில்லை, அடி தட்டும். பெட்ரோல் பங்க் வாசல், கல்யாண மண்டப வாசல், அடுக்குமாடி வாசல் என்று சரிவு போட்ட இடத்தில் ஏறி, அடுத்த சரிவில் இறங்குகிறார்கள். ஒரு தெருவில் இப்படி நாலைந்து வாய்கள்தான் இருக்கும். சரிவின் இரு பக்கமும் கம்பம் வேண்டும், அதிலும் சிக்னலுக்கு முந்தைய கடைசி வாசலில் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அவசரம் தொடங்குவதே அங்கேதான். காவலர் நிற்பதற்கும் அதுவே இடம். சிக்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பிடித்தால் ஏறியவர் அதற்குள் இறங்கியிருப்பார்.

உங்கள் தெருவில் இது நடந்தால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லும்போது "பிளாட்பாரத்தில் பைக் ஓட்டுகிறார்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது காவல்துறை வேலை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எந்த வாசல் சரிவில் ஏறுகிறார்கள், எதில் இறங்குகிறார்கள், எத்தனை மணிக்கு அதிகம், அங்கே கம்பம் இல்லையா, உடைந்துவிட்டதா என்று கதவு எண்ணோடு சொல்லுங்கள். இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வார்டு கவுன்சிலரிடமும் அதையே கொடுக்கலாம்.