36 பிள்ளைகள், ஒரு குரூப் போட்டோ

எங்கள் பள்ளியின் முகநூல் பக்கத்தைப் பல வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குழந்தைகள் தினம், விளையாட்டு விழா, மாறுவேடப் போட்டி என்று எதுவானாலும் என் போனிலேயே எடுத்து அன்று சாயங்காலமே ஏற்றிவிடுவேன். ராத்திரி சாப்பிடும்போது எத்தனை லைக் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் உண்டு, பொய் சொல்வானேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலாம் வகுப்பு குரூப் போட்டோ ஒன்றைப் போட்டேன். பின்னால் பள்ளிப் பெயர் எழுதிய பேனர். படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பிள்ளைகளின் பெயர்கள். பெயர் போட்டது என் யோசனைதான். வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சந்தோஷப்படட்டுமே என்று நினைத்தேன்.

நாலாவது நாள் காலையில் ஒரு பிள்ளையின் அம்மா வந்து நின்றார். சத்தமே போடவில்லை. "டீச்சர், அந்தப் போட்டோவை எடுத்துடுங்க" என்றார். அடி தாங்க முடியாமல் புருஷனை விட்டு, பிள்ளையோடு வேறு மாவட்டத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவர் அவர். எந்த ஊரில் இருக்கிறார் என்று அந்த வீட்டுக்குத் தெரியாது. யாரோ ஒரு சொந்தக்காரர் என் பதிவைப் பார்த்துப் படத்தை அனுப்பியிருக்கிறார். முந்தின நாள் பள்ளி விடுகிற நேரத்துக்கு அந்த ஆள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எல்லாவற்றையும் நானே வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். "போயிடுச்சா டீச்சர்?" என்று கேட்டார். "போயிடுச்சும்மா" என்றேன். அது பாதி உண்மை. பக்கத்திலிருந்து பதிவை அழித்தால் அதைப் பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் படம் தெரியாமல் போகும். இறக்கி வைத்துக்கொண்டதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும், வாட்ஸ்அப்பில் போனதும் போனதுதான். அதன் பிறகு அவர் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பிள்ளையை அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் அனுப்பக்கூடாது என்று வாட்ச்மேனுக்குச் சொல்லி வைத்தோம். பிள்ளை எங்கள் பள்ளியிலேயே தொடர்ந்தது.

இதைச் சொன்னால் மற்ற பள்ளி நண்பர்கள் உடனே கேட்பது, "சேர்க்கை விண்ணப்பத்திலேயே கையெழுத்து வாங்கிடுவோமே?" நாங்களும் வாங்கியிருந்தோம். உறுதிமொழிகளுக்கு நடுவில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பள்ளி நிகழ்ச்சிகளின் புகைப்படங்களை வெளியிட ஆட்சேபணை இல்லை.' ஜூன் மாசக் கூட்டத்தில், இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிற அம்மாவிடம் "இங்க, இங்க, இங்க" என்று விரலால் காட்டி வாங்குகிற கையெழுத்து அது. அந்த அம்மாவும் அப்படித்தான் போட்டிருந்தார். எங்கே வெளியிடுவோம், யார் பார்ப்பார்கள் என்று நாங்கள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

பள்ளி ஆண்டு மலரில் படம் வருவது ஒன்று. வகுப்புப் பெற்றோர் குழுவில் வருவது வேறு. உலகமே பார்க்கிற பக்கத்தில் வருவது முற்றிலும் வேறு. இந்த மூன்றையும் ஒரே கையெழுத்தில் கட்டியதுதான் நாங்கள் செய்த தப்பு என்பது என் கருத்து. இப்போது வருஷா வருஷம் ஜூலையில் அரைத்தாள் சீட்டு ஒன்று தமிழில் கொடுக்கிறோம். ஆண்டு மலர், பெற்றோர் வாட்ஸ்அப் குழு, முகநூல் பக்கம் என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வகுப்பு டீச்சரிடம் வாயால் சொன்னாலே போதும் என்று கீழே ஒரு வரி. சீட்டு திரும்பி வரவில்லை என்றால் 'வேண்டாம்' என்றுதான் கணக்கு. இதில் எங்கள் தலைமையாசிரியை அசையவே மாட்டார்.

போன வருஷம் என் வகுப்பில் 36 பிள்ளைகள். மூன்றுக்கும் சரி என்றவர்கள் 22 பேர். முகநூல் மட்டும் வேண்டாம் என்றவர்கள் 9. ஆண்டு மலர் மட்டும் போதும் என்றவர்கள் 4. எதுவுமே வேண்டாம் என்று ஒருவர். ஆக, கேட்காமலே போட்டிருந்தால் 14 வீடுகளின் விருப்பத்துக்கு மாறாகப் போட்டிருப்பேன். யாரிடமும் காரணம் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வருஷம் பயந்துகொண்டு 'சரி' போட்டுவிடுவார்கள்.

சீட்டு வாங்குவது சுலபம். படம் எடுக்கிற அன்றைக்குத்தான் சிக்கல். முதல் வருஷம் நான் கெட்டிக்காரத்தனமாக, வேண்டாம் என்ற பிள்ளைகளின் முகத்தில் சிரிக்கிற பொம்மை ஒட்டிப் பக்கத்தில் போட்டேன். மறுநாள் ஒருத்தி வந்து, "மிஸ், நான் மட்டும் ஏன் பொம்மை?" என்றாள். இன்னொரு வகுப்பில் அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மீதிப்பேரை எடுத்தார்கள். அது இன்னும் கொடுமை. வீட்டார் 'வேண்டாம்' என்றதற்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்கக்கூடாது. இப்போது இரண்டு படம் எடுக்கிறேன். எல்லாரும் கேமராவைப் பார்ப்பது ஒன்று. அதில் மலருக்குச் சம்மதம் இருப்பதால் 35 பேர் இருப்பார்கள். மீதி ஒரு பிள்ளைதான் அன்றைக்கு எங்கள் அசிஸ்டெண்ட் போட்டோகிராபர், "ஒன், டூ, த்ரீ" சொல்வது அவன் வேலை. பக்கத்துக்கு எடுப்பது இன்னொன்று: பின்னாலிருந்து, கரும்பலகையைப் பார்த்து எல்லாரும் கை தூக்கியபடி. அல்லது களிமண் பொம்மையைப் பிடித்த கைகள் மட்டும். லைக் குறைந்ததா என்றால், குறைந்ததுதான்.

ஏற்றுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் அடையாள அட்டையில் அப்பா பெயர், வீட்டு முகவரி, செல் நம்பர் எல்லாம் அச்சடித்திருக்கிறது. இப்போதைய போன் கேமராவில் முன்வரிசைப் பிள்ளையின் அட்டையில் நம்பர் முழுசாகப் படிக்கலாம். சம்மதம் கொடுத்த பெற்றோர்கூட அதற்குச் சம்மதம் கொடுக்கவில்லையே. படம் எடுக்கும்போது அட்டையைச் சட்டைப் பைக்குள் போடச் சொல்கிறேன்.

சாப்பாட்டுப் படம் இன்னொரு விஷயம். காலை உணவுத் தட்டோடு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஒரு தாத்தா என்னிடம் சொன்னது: "சாப்புடறது தப்பில்லம்மா, அதை ஊருக்கே காட்டணுமா?" நோட்டுப் புத்தகம் கொடுக்க வருகிறவர்கள் பிள்ளையின் கையில் திணித்துக்கொண்டே கேமராவைப் பார்ப்பதும் இதே கதைதான்.

சட்டமும் பக்கத்தில் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எதற்கு என்று குறிப்பாகச் சொல்லி வாங்க வேண்டும், கொடுத்ததைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் பற்றிய பிரிவுகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை பொடி எழுத்து வரியே போதும் என்று நினைக்கிற பள்ளிகள் நிறைய இருக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பு. இந்த வருஷச் சீட்டில் அவன் அம்மா ஆண்டு மலருக்கு மட்டும் 'சரி' போட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "ஒரு காப்பி எனக்குத் தனியா வேணும் டீச்சர், காசு கொடுத்துடறேன்."