காஃபுக்குப் பின்னாலும் ஜேர், மிஸ்லுக்குப் பின்னாலும் ஜேர், சரி, மிஸ்லுக்கே என்ன?

அரபியில் 'போல' என்று சொல்ல காஃப் எழுத்தை 'க' என்று முன்னால் ஒட்டலாம், மிஸ்ல் என்ற சொல்லையும் போடலாம். இரண்டுக்கும் பின்னால் வரும் சொல் 'இ' ஒலிக்குறியான ஜேர் வாங்கும். அரபி சொல்லிக்கொடுக்கிற பல இடங்களில் "க என்றாலும் மிஸ்ல் என்றாலும் 'போல'தான், பின்னால் வருவதற்கு ஜேர் போடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் தப்பில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாததால்தான் அரபி இலக்கணமான நஹ்வு படித்த பிள்ளைகளும் மிஸ்லில் தடுமாறுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

"காலித் தன் அண்ணனைப் போல நல்லவன்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தமிழில் 'அண்ணனை' என்று இரண்டாம் வேற்றுமை போட்டுப் பழகியவர்கள், அதனால் கை தானாக 'அ' ஒலிக்குறியான ஜபருக்குப் போய் 'அகாஹு' என்று எழுதிவிடும். சரியானது 'காலிதுன் தய்யிபுன் கஅகீஹி'. சகோதரனைக் குறிக்கும் அகுன் என்ற சொல் இப்படி வேறொன்றோடு சேரும்போது வாவு, அலிஃப், யா என்று எழுத்தே மாறும், அதனால் ஹரகத் எனும் உயிரொலிக் குறி போடாத எழுத்திலும் பிழை கண்ணில் பட்டுவிடும். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதையே 'மிஸ்ல அகீஹி' என்றும் சொல்லலாம், அகீஹி மாறாது. ஆனால் காரணம் வேறு. காஃப் ஒரு ஹர்ஃப் ஜர் எனும் இடைச்சொல், அதுவே ஜேர் கொடுக்கிறது, தனக்கென்று எந்த வேற்றுமையும் அதற்குக் கிடையாது. மிஸ்ல் ஓர் இஸ்மு, அதாவது பெயர்ச்சொல், பின்னால் வருவது அதற்கு முளாஃப் இலைஹி, அதாவது 'இன்னாருடைய' என்பது போல அதோடு சேரும் பெயர், அதனால்தான் ஜேர். பெயர்ச்சொல் என்றால் வாக்கியத்தில் தன் இடத்துக்கு ஏற்ப அதுவும் மாறியாக வேண்டும் இல்லையா?

'ஜாஅ ரஜுலுன் மிஸ்லு ஸைதின்', 'ரஅய்து ரஜுலன் மிஸ்ல ஸைதின்', 'மரர்து பிரஜுலின் மிஸ்லி ஸைதின்'. ஸைதைப் போன்ற ஒரு மனிதன் வந்தான், ஒரு மனிதனைப் பார்த்தேன், ஒரு மனிதனைக் கடந்து போனேன் என்பவைதான் இவை. மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஸைதின் அசையவே இல்லை, மிஸ்ல் மட்டும் ரஜுலைப் பார்த்துப் பார்த்து மாறுகிறது. காலித் வாக்கியத்தில் எப்படி நல்லவன் என்று சொல்ல வருவதால் ஜபரோடு 'மிஸ்ல' என்பது வழக்கம், இரண்டாவது கபராக, அதாவது பயனிலையாக வைத்து 'மிஸ்லு' என்றாலும் பிழையில்லை. ஆக மாணவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மிஸ்லுக்கு என்ன ஹரகத், ஏன் என்பதுதான், ஸைதுக்கு அப்புறம் வரலாம்.

இன்னொன்று, 'அவனைப் போல', 'உன்னைப் போல' என்று சொல்ல காஃபோடு 'அவன்' என்பதற்கான ஹுவையோ 'நீ' என்பதற்கான கவையோ சேர்க்க முடியாது, சாதாரண உரைநடையில் 'கஹு' வராது. அங்கே மிஸ்லுஹு, மிஸ்லுக என்றுதான் போக வேண்டும்.

குர்ஆன் 42:11-இல் 'அவனைப் போல எதுவும் இல்லை' என்ற பொருளில் 'லைஸ கமிஸ்லிஹி ஷய்உன்' என்று காஃப், மிஸ்ல் இரண்டும் சேர்ந்தே வருகிறது. காஃப் மிஸ்லுக்கு ஜேர் கொடுத்து 'மிஸ்லி' ஆக்குகிறது, மிஸ்ல் ஹுவை முளாஃப் இலைஹியாக வாங்கிக்கொள்கிறது, முன்னால் ஜேர் இருப்பதால் ஹு 'ஹி' என்று ஒலிக்கிறது. இங்கே காஃப் அழுத்தத்துக்காகக் கூடுதலாக வந்தது என்று நஹ்வு அறிஞர்கள் பலர் சொல்வார்கள், கூடுதலாக வந்த காஃபும் ஜேர் கொடுக்காமல் விடவில்லை பாருங்கள்.