மகாதீரின் 1991 உரையில் பண்பாடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

தேசிய தினம் நெருங்கும்போது, பழைய அரசியல் உரைகளில் எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் காட்டி, அதிலிருந்து தலைவரின் தேசியக் கொள்கையை முடிவு செய்யும் பதிவுகள் இங்கே கோலாலம்பூரில் நம்மவரிடையே பகிரப்படுகின்றன. அடையாளம் பற்றிய உரையை அப்படி அளக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

1991 பிப்ரவரி 28 அன்று மலேசிய வர்த்தக மன்றத்தின் முன்னிலையில் அப்போதைய பிரதமர் மகாதீர் முகமது ஆற்றிய தூரநோக்கு 2020 உரையையே எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி பொருளாதாரம் பற்றியது. முப்பது ஆண்டுகளுக்குச் சராசரியாக 7 விழுக்காடு வளர்ச்சி வேண்டும் என்ற கணக்கும் அதில்தான் வருகிறது. சொற்களை எண்ணினால் வளர்ச்சியும் தொழில்துறையும் முன்னே வந்து நிற்கும். ஆனால், அது கேட்டிருந்தவர்கள் வணிகர்கள் என்பதைத்தான் காட்டுமே தவிர, மலேசியர் யார் என்ற கேள்விக்கு விடை தராது. ஆகவே முதலில் அந்தக் கேள்வியைத் தொடும் பகுதிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். உரை முன்வைக்கும் ஒன்பது சவால்களில் முதலாவதும் ஐந்தாவதும் எட்டாவதும் இதற்குப் போதும்.

அடுத்து, ஒவ்வொரு சவாலையும் தனித்தனிக் கருத்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று குறியீடுகளில் ஒன்றை இட வேண்டும். மக்களை ஒன்றாக்குவது எது என்று சொன்னால் ‘பிணைப்பு’. எது அனுமதிக்கப்படுகிறது என்று சொன்னால் ‘உரிமை’. எது ஒழிய வேண்டும் என்று சொன்னால் ‘களைவு’. முதல் சவால் பொதுவான எதிர்காலம், இன ஒருங்கிணைப்பு, முழுமையான நியாயமான பங்காளித்துவம், நாட்டின்மீது அரசியல் விசுவாசம் ஆகியவற்றைக் கொண்ட ஒரே ‘பங்சா மலேசியா’வைப் பேசுகிறது. இவை அனைத்தும் பிணைப்பு. இனத்தைப் பொருளாதாரப் பணியோடும், பின்தங்கிய நிலையை இனத்தோடும் அடையாளப்படுத்துவது நீடிக்கும்வரை நீதியான சமுதாயம் அமையாது என்கிறது எட்டாவது சவால். அது களைவு. இவ்விரண்டிலும் குறியிடுவோருக்கு அதிக ஐயம் எழாது.

சிக்கல் ஐந்தாவது சவாலில்தான் இருக்கிறது. எல்லா நிறத்தாரும் சமயத்தாரும் தங்கள் வழக்கங்களையும் பண்பாடுகளையும் சமய நம்பிக்கைகளையும் சுதந்திரமாகப் பின்பற்றலாம், ஆயினும் தாங்கள் ஒரே தேசத்தவர் என்று உணர வேண்டும் என்பது அதன் சாரம். இதை இருவர் தனித்தனியே குறியிட்டால், ஒருவர் பண்பாட்டை உரிமையில் வைப்பார். மற்றவர், பன்முகப் பண்பாடே மலேசியாவின் பிணைப்பு என்று தாம் நம்புவதால் பிணைப்பில் வைப்பார். இங்கே விவாதித்துச் சமரசம் செய்துகொள்வது தவறு. வேறுபாடு தோன்றிய இடத்தில் விதியைக் கூர்மையாக்கி, எல்லாத் துண்டுகளையும் மீண்டும் குறியிட வேண்டும். நான் வைக்கும் விதி இதுதான்: ஒன்றின் வழியாகவே தேச உணர்வு வருகிறது என்று வாக்கியமே சொன்னால் மட்டும் அது பிணைப்பு. அந்த விதிப்படி பார்த்தால், மூல உரையில் நடுவே நிற்கும் ‘ஆயினும்’ என்ற இணைப்பு, பண்பாட்டை ஒருபுறமும் தேச உணர்வை மறுபுறமும் நிறுத்துகிறது. பண்பாடு உரிமைக் கட்டத்திலேயே தங்கிவிடுகிறது. இந்த மூன்று சவால்களில் எங்கும் அது பிணைப்பாக வரவில்லை.

இருவரின் ஒப்புதலைக் கணக்கிடும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. இருபது துண்டுகளில் பதினாறில் ஒத்துப்போனால் அது 80 விழுக்காடு. ஆனால் பெரும்பாலான துண்டுகள் பிணைப்பாகவே இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் பிணைப்பு என்று எழுதும் இருவரும்கூட முழுமையாக ஒத்துப்போவார்கள். ஆகவே அந்த எண்ணைவிட, ஒத்துப்போகாத நான்கு துண்டுகள் எவை என்பதே எனக்கு முக்கியம்.

எது சொல்லப்படவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். இம்மூன்று சவால்களின் வாசகத்திலும் மொழி குறிப்பிடப்படவில்லை. அந்த வெற்றிடத்தை விருப்பம்போல் நிரப்பக் கூடாது. அதே பேச்சாளரின் பிற்காலக் கூற்றோடு ஒப்பிடலாம். பங்சா மலேசியா என்பது நாட்டோடு தன்னை அடையாளப்படுத்திக்கொள்வதும், மலாய்மொழி பேசுவதும், அரசியலமைப்பை ஏற்பதும் ஆகும் என்று 1995இல் அவர் விளக்கினார். அதே விதியால் குறியிட்டால் மூன்றும் பிணைப்பு. நான்கு ஆண்டுகளில் ஒரு மொழி பிணைப்புக் கட்டத்துக்குள் வந்துவிட்டது. பண்பாடு அப்போதும் வரவில்லை. அவருடைய எண்ணம் மாறியதா, முன்பே இருந்ததை இப்போது வெளிப்படையாகச் சொன்னாரா என்பதை இந்தக் குறியீடுகளால் கூற முடியாது.

தமிழ்ப்பள்ளிகளுக்காக வாதாடும் நண்பர்கள் சிலர் ஐந்தாவது சவாலை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களின் அக்கறை என்னுடையதும்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் மொழி இல்லை. பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாருக்கும் தடை செய்யக் கூடாது என்ற உத்தரவாதம் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவில் இருக்கிறது. வாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.