ஒன்பது மஞ்சள் வரிசைகளும் ஒரு மின்னஞ்சலும்

"ஒரு மெயில் போட்டு மனுஷனை அசிங்கப்படுத்திவிட்டீர்களாமே" என்று நேற்று இரவுக்குள் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். புதன்கிழமைக் கூட்டத்தில் நான் தயாரித்த ஒப்பீட்டுத் தாளை உடன் வேலை செய்பவர் தன்னுடையதாகக் காட்டியதைச் சென்ற பதிவிலேயே எழுதிவிட்டேன் என்பதால் அதை மறுபடியும் கிளறப் போவதில்லை. அந்த மின்னஞ்சலை மட்டும் இங்கே வைக்கிறேன், அதில் அசிங்கம் எந்த வரியில் இருக்கிறது என்று படித்தவர்கள் காட்டட்டும்.

வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ற நிதியாண்டில் நாங்கள் வாங்கிய சரக்குகளின் பில்களை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலாக ஜிஎஸ்டி தளத்தில் மாதந்தோறும் வரும் 2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, வாங்கும்போது கட்டிய வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டில் எடுக்காமல் விட்டது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். வரும் நவம்பர் 30 தாண்டினால் அந்தப் பணம் போனதுதான். எங்கள் பதிவேட்டில் "045" என்று இருக்கும் பில், சப்ளையர் ஏற்றியதில் "INV/45" என்று இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. நான் எழுத்துகளையும் கோடுகளையும் முன்னால் நிற்கும் பூஜ்யங்களையும் நீக்கி, மிஞ்சிய எண்ணைச் சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணோடு சேர்த்துப் பொருத்தினேன். இதில் ஒரு கண்ணி உண்டு. ஒரே சப்ளையர் "A/45" என்றும் "B/45" என்றும் இரண்டு வரிசைகளில் பில் போட்டால், எழுத்தை நீக்கியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே தேதியையும் தொகையையும் தனியாகச் சரிபார்த்து, அப்படியும் தீராத ஒன்பது பில்களுக்கு மஞ்சள் நிறமிட்டு வைத்தேன்.

புதன்கிழமை அந்தத் தாளைத் திரையில் காட்டி, "நான் போட்டுப் பார்த்தேன் சார்" என்று அவர் சொன்னபோது, மேலாளர் கேட்ட ஒரே கேள்வி அந்த மஞ்சள் எதற்கு என்பதுதான். "அது சும்மா, பார்மேட்டிங்" என்றார். எனக்கு வலித்தது "நான்" என்ற சொல்லைவிட அந்தப் "பார்மேட்டிங்".

அன்று இரவு நான் எழுதிய முதல் வரைவு நான்கு பத்திகள். "நம்பிக்கைத் துரோகம்" என்ற சொல் அதில் இரண்டு முறை வந்தது. காலையில் படித்தபோது, அது என் கோபத்துக்குச் சான்றாக இருந்ததே தவிர என் வேலைக்குச் சான்றாக இல்லை. அதை அழித்துவிட்டு, வெள்ளிக்கிழமை அவருக்கு மட்டும், வேறு யாருக்கும் நகல் போடாமல் அனுப்பியது இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

"வணக்கம். புதன்கிழமைக் கூட்டத்தில் காட்டப்பட்ட ஒப்பீட்டுத் தாளை ஜூலை 8 முதல் 26 வரை நான் தயாரித்து, 26ஆம் தேதி மாலை உங்களுக்கு அனுப்பினேன்; அந்த மின்னஞ்சலை இணைத்துள்ளேன். கூட்டக் குறிப்பில் அது உங்கள் தயாரிப்பு என்று பதிவாகியிருக்கிறது. மஞ்சள் நிறமிட்ட ஒன்பது பில்கள் இன்னும் உறுதியாகாதவை. அவற்றுக்கு இப்போது கிரெடிட் எடுக்கக் கூடாது. அவை பற்றிய கேள்விகள் என்னிடம் வர வேண்டும். ஆகவே தயாரித்தவர் பெயரைத் திருத்தும்படி, குறிப்பு வந்த அதே மெயில் தொடரில் திங்கள் மாலைக்குள் நீங்களே எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டால் செவ்வாய் காலை நான் எழுதுகிறேன். கூட்டத்தில் எடுத்துச் சொன்னது நீங்கள் என்பது குறிப்பில் அப்படியே இருக்கட்டும்."

அவ்வளவுதான். திருடினீர்கள் என்று எழுதவில்லை, ஏனென்றால் அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. குறிப்பில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதை எவரும் திறந்து பார்க்கலாம். எக்செல் கோப்பில் ஆசிரியர் பெயர் என் பெயராகத்தான் இருக்கிறது என்று நான் வாதாடவும் இல்லை. அதை யார் வேண்டுமானாலும் இரண்டு சொடுக்கில் மாற்றலாம், தாளைப் புதிய கோப்புக்கு நகர்த்தினால் தானாகவே மாறிவிடும். தேதியோடு அவர் பெட்டியிலும் என் பெட்டியிலும் கிடக்கும் மின்னஞ்சலை அப்படி மாற்ற முடியாது. நான் கேட்டது பாராட்டு அல்ல, பதிவில் ஒரு திருத்தம். அந்த மின்னஞ்சலைக் கேன்டீன் வரை கொண்டுபோய்க் காட்டியது நானா, அவரா?

நேரில் பேசியிருக்கலாமே என்கிறார்கள். பேசினேன். வியாழக்கிழமை காப்பி மெஷின் பக்கத்தில் "ஐயோ, வாய் தவறி வந்துவிட்டது, பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டக் குறிப்பு அவர் பெயரோடு வந்தது. வாய் தவறலாம், எழுத்தும் தவறுமா? இன்னொருவர் சட்டம் பேசினார்: சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை கம்பெனிக்குத்தானே சொந்தம் என்று. ஆமாம், பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. அந்தத் தாள் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும், அவருடையதாக எப்போது ஆனது? "எல்லாம் டீம் வேலைதானே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. டீம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் இந்த மின்னஞ்சலே எழுதியிருக்க மாட்டேன்.

என் அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். பேரேடு முழுவதும் அவர் கையெழுத்து, அடியில் ஒப்பம் மட்டும் செயலாளருடையது. தணிக்கைக்கு வந்தவர்கள் கணக்கின் சுத்தத்தைப் பாராட்டிய வருடங்களில் செயலாளர்தான் சிரித்துக்கொண்டு நின்றார், அப்பா டீ வாங்கிவரப் போனார். ஒரு வருடம் நகைக்கடன் பக்கத்தில் கூட்டல் பிசகியது; விளக்கம் கேட்டு வந்த மெமோவில் அப்பாவின் பெயர் இனிஷியல் பிழைகூட இல்லாமல் இருந்தது. அந்தத் தாளை அம்மா பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்ததை நான் பள்ளி நாட்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்பது பில்களுக்கும் யாரோ கிரெடிட் எடுத்து, நாளை நோட்டீஸ் வந்து வட்டியோடு கட்டச் சொன்னால், அப்போது "இதைப் போட்டது யார்" என்ற கேள்விக்கு எங்கள் அலுவலகத்தில் விடை உடனே கிடைத்துவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த மனுஷனுக்கு எக்செலின் வி-லுக்கப் சூத்திரத்திலிருந்து சொல்லிக்கொடுத்தவள் நான். இவருடைய மகனுக்குக் காய்ச்சல் என்று போன மார்ச்சில் மூன்று நாள் வராதபோது, இவர் பங்கு ரிட்டர்னையும் சேர்த்துப் போட்டேன். அதற்கு எந்தக் குறிப்பிலும் என் பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரை எடுத்துச் சாப்பிடும்போது "உங்க கை ருசிக்கு யாரும் வர முடியாது" என்று சொல்பவருக்கு, அந்தக் கை போட்ட தாளைத் திரையில் காட்டும்போது மட்டும் பெயர் மறந்துவிட்டது. சரி, இது மின்னஞ்சலில் இல்லை, இங்கேதான் எழுதுகிறேன். அங்கே எழுதியிருந்தால் நீங்கள் சொல்லும் அசிங்கம் உண்மையிலேயே நடந்திருக்கும்.

திங்கள் மாலை ஐந்தே முக்காலுக்கு எனக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: "நோட்டட்." அரை மணி நேரத்தில் திருத்திய குறிப்பும் வந்தது. அதில் தயாரிப்பு என்ற இடத்தில் இன்னும் அவர் பெயரே இருக்கிறது, பக்கத்தில் "உதவி" என்று என் பெயர். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அதே தொடரில், இந்த முறை எல்லோருக்கும், இரண்டு வரி எழுதினேன்: "ஒப்பீட்டுத் தாள் என்னால் தயாரிக்கப்பட்டது, ஜூலை 26 மின்னஞ்சல் இணைப்பில் உள்ளது. மஞ்சள் வரிசைகள் குறித்த விளக்கத்துக்கு என்னைத் தொடர்புகொள்ளவும்." பத்து மணிக்கு மேலாளர் என் மேசைக்கே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்த ஒன்பதைக் காட்டுங்கள்" என்றார்.