நாலு தவணைதானே?

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆன பிள்ளைகளிடம், ஆப் வழியாகப் பொருள் வாங்கி நாலு தவணையாகக் கட்டும் கடனைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் பதில், "வட்டியே இல்லையே!" பெரும்பாலும் உண்மைதான். கடன் கொடுக்கும் ஆப்புக்கு விற்பவரே கமிஷன் கொடுத்துவிடுகிறார். எனக்கு உறுத்துவது வேறு.

மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாதாமாதம் 20 பங்குக்கு எதையாவது வாங்குகிறார். நாலு மாதத் தவணை, முதல் தவணை வாங்கும்போதே. முதல் மாதம் போவது வெறும் 5. அடுத்த மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து 10, அப்புறம் 15, நாலாவது மாதம் 20. ரொக்கமாக வாங்கியிருந்தாலும் மாதம் 20தான் போயிருக்கும். இப்போது அதே 20 போகிறது, கூடவே 30 பங்கு கடன் பாக்கி நிற்கிறது. லாபம் என்று பார்த்தால் முதல் மூன்று மாதம் கையில் மிச்சம் இருந்ததுதான். அந்த மிச்சத்தை நம்பித்தான் பலர் இரண்டாவது ஆப்பைத் திறக்கிறார்கள். ஒவ்வொரு ஆப்பும் தன் தவணையை மட்டும் பார்க்கிறது. மொத்தத்தைப் பார்க்க அங்கே ஆளில்லை.

சிக்கல் தேதியில் ஆரம்பிக்கும். தவணைத் தேதி வாங்கிய நாளை வைத்து வருகிறது, சம்பள நாளை வைத்து அல்ல. கணக்கில் பணம் இல்லாத நாளில் ஆட்டோ டெபிட் வந்தால் ஆப் ஒரு அபராதம் போடும், பல இடங்களில் வங்கியும் தன் பங்குக்கு ஒன்று போடும். 5 பங்குத் தவணை இரண்டு வாரம் தாமதமாகி 1 பங்கு அபராதம் விழுந்தால், அது இரண்டு வாரத்துக்கு 20 சதவீதம். வருடக் கணக்கில் 520. வட்டி இல்லாத கடனாம்!

பொருளைத் திருப்பி அனுப்பினாலும் கவனம் வேண்டும். விற்பவர் அதை உறுதி செய்து ஆப்புக்குச் சொல்லும்வரை தவணை பிடித்தம் தொடரலாம்.

ஒரு தவணையைக் கட்ட கிரெடிட் கார்டைத் தேய்ப்பவர், அல்லது இன்னொரு ஆப்பில் ரொக்கக் கடன் எடுப்பவர், ஏற்கனவே மாட்டிக்கொண்டார். அந்த இடத்தில்தான் நிஜமான வட்டி ஓட ஆரம்பிக்கிறது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எல்லா ஆப்பையும் திறந்து, அடுத்த 30 நாளில் பிடிக்கப்போகும் தொகைகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். பலர் பாதியிலேயே பேனாவை வைத்துவிடுவார்கள், அது வேறு விஷயம். அப்புறம் புதிதாக எதையும் தவணையில் வாங்காதீர்கள். மேலே சொன்ன கணக்கில் 20 அடுத்த மாதம் 15 ஆகும், பிறகு 10, 5, அதோடு தீர்ந்தது. இடையில் "உங்கள் லிமிட் உயர்த்தப்பட்டது" என்று செய்தி வரும். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குத்தான் அது வரும். லிமிட்டைக் குறைக்க ஆப்பின் செட்டிங்ஸில் வழி இருந்தால் அன்றைக்கே குறைத்துவிடுங்கள்.